பரப்பு இழுவிசை: புத்தகத்தில் 72, ரெக்கார்டில் 77... நடுவில் நிற்கும் அந்த '3.8' எங்கிருந்து வந்தது?

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு, அல்லது அதை துணைப் பாடமாக எடுத்தவர்களுக்கு, இந்த லேப் நினைவிருக்கும். ஸ்டாண்டில் ஒரு புனல். அதன் கீழே ரப்பர் குழாய், அதன் முனையில் சின்ன கண்ணாடிக் குழாய். கீழே ஒரு பீக்கர். சொட்டு சொட்டாக விழும் தண்ணீரை 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என எண்ணி, 50 துளி ஆனதும் பீக்கரைக் கொண்டுபோய் எடை போட வேண்டும். பிறகு 100 துளி, பிறகு 150. கடைசியில் இந்த ஃபார்முலாவில் எண்களைப் போட்டால் தண்ணீரின் பரப்பு இழுவிசை வந்துவிடும்.

```
T = mg / (3.8 r)
```

இதில் m என்பது ஒரு துளியின் நிறை. r என்பது குழாய் முனையின் ஆரம். g புவியீர்ப்பு முடுக்கம். இதுவரை புரிகிறது. ஆனால், அந்த 3.8?

பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் அதற்கு விளக்கம் இருக்காது. 'அது மாறிலி' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். சிக்கல் எப்போது வரும் என்றால், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த மாணவிக்கு 77 என்று விடை வரும்போது. புத்தகத்தில் இருப்பதோ 72. அவர் மறுபடி எண்ணுவார், மறுபடி எடை போடுவார். மறுபடியும் 77. பக்கத்து டேபிளில் ஒருவருக்கு 86 வந்திருக்கும். எக்ஸ்டர்னல் வருவதற்குள், 72-இல் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 'ரீடிங்' எழுதுவது எந்த லேபிலும் நடக்கிற கதைதான்.

உண்மையில் அந்த 77-க்கு மாணவி காரணம் இல்லை. அவர் துளிகளைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். பிழை 3.8-இல் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

துளி ஏன் தொங்குகிறது?

தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறை எல்லாப் பக்கமும் இருக்கும் மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கோ வெளிப்பக்கம் துணை இல்லை. அதனால் நீர்ப்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும், இழுத்துக் கட்டிய ரப்பர் தோல் மாதிரி. அந்தத் தோலில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டால், அந்தக் கோட்டின் குறுக்கே எவ்வளவு விசை இழுக்கிறதோ அதுதான் பரப்பு இழுவிசை. 25 டிகிரி செல்சியஸில் சுத்தமான தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்.

குழாய் முனையில் துளி தொங்கும்போது, இந்தத் தோல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முனையின் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டமாகப் பிடி. வட்டத்தின் சுற்றளவு 2πr. அதைப் பரப்பு இழுவிசையால் பெருக்கினால், தோல் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது கிடைக்கும். துளி வளர்ந்து வளர்ந்து அந்த எடையைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகும். அப்படியென்றால் விழுந்த துளியை எடை போட்டாலே போதும், பரப்பு இழுவிசை தெரிந்துவிடும்.

இந்த யோசனையின் ஆரம்பப் புள்ளி 1864. தாமஸ் டேட் என்ற ஆங்கிலேயர் வெவ்வேறு அளவுள்ள குழாய்களில் இருந்து துளிகளை விழச்செய்து எடை போட்டார். குழாயின் விட்டம் எவ்வளவு மடங்கு கூடுகிறதோ, துளியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவு மடங்கு கூடுகிறது என்று 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழில் எழுதினார். 'டேட் விதி' என்று இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது அதன் அடிப்படையில் வந்ததுதான்: துளியின் எடை = சுற்றளவு × பரப்பு இழுவிசை.

எண்களைப் போட்டுப் பார்த்தால்?

மாணவியின் ரீடிங்கை எடுத்துக்கொள்வோம். குழாய் முனையின் வெளி விட்டம் 4 மில்லிமீட்டர். ஆக, ஆரம் 2 மில்லிமீட்டர். 50 துளிகளின் நிறை 3.00 கிராம். ஒரு துளிக்கு 60 மில்லிகிராம். அறையின் வெப்பநிலை 25 டிகிரி.

டேட் விதிப்படி, 72 மில்லிநியூட்டன் இழுவிசை உள்ள தண்ணீர், இந்த முனையில் 92 மில்லிகிராம் வரை தொங்க வேண்டும். ஆனால் விழுந்தது 60 மில்லிகிராம்தான். திருப்பிப் போட்டால், இந்த 60-இல் இருந்து டேட் விதி தரும் பரப்பு இழுவிசை 46.8. புத்தக மதிப்பைவிட 35 சதவீதம் குறைவு. இது தராசுப் பிழையோ எண்ணிக்கைப் பிழையோ இல்லை. எத்தனை முறை செய்தாலும் இப்படித்தான் வரும்.

மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை. குழாய் முனையிலேயே இருக்கிறது.

கழுத்து அறுந்து விழும் துளி

போனில் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால், மெதுவாகச் சொட்டும் குழாயை ஒருமுறை வீடியோ எடுத்துப் பாருங்கள். துளி முழுசாக முனையில் இருந்து கழன்று விழாது. முதலில் அது பை மாதிரி கனத்துத் தொங்கும். பிறகு முனைக்குச் சற்றுக் கீழே இடுப்பு போல ஒடுங்கும். அந்த ஒடுக்கம் கழுத்தாக நீண்டு, நூல் மாதிரி மெலிந்து, அறுந்துபோகும். கழுத்துக்குக் கீழே இருக்கும் பகுதி மட்டும் விழும். மேலே இருப்பது முனையோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த துளிக்கு முதலாகிவிடும்.

இப்படி முனையில் தங்கிவிடும் நீர், தொங்கிக்கொண்டிருந்ததில் 40 சதவீதம் வரைகூட போகலாம். டேட் விதி தொங்கும் துளிக்கான கணக்கு. ஆனா நாம் எடை போடுவதோ விழுந்த துளியை. இரண்டும் ஒன்று என்று வைத்துக்கொண்டதுதான் தவறு.

இன்னொரு சுவாரஸ்யமும் அந்த வீடியோவில் தெரியும். கழுத்து முதலில் விழும் துளிக்குப் பக்கத்தில் அறும். அடுத்த கணமே மேல் பக்கமும் அறும். நடுவில் இருந்த நூல் சுருண்டு, பெரிய துளிக்குப் பின்னாலேயே ஒரு பொடித் துளியாக விழும். எடை போடும்போது அதையும் சேர்த்துத்தான் கணக்கு. பீக்கரை முனைக்கு நேர் கீழே, தெறிக்காத உயரத்தில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

3.8 வந்த கதை

முனையில் எவ்வளவு தங்கும் என்பதைக் கண்டுபிடித்தால் டேட் விதியைச் சரிசெய்துவிடலாம். அந்த வேலையில் இறங்கியவர் லார்ட் ரேலி. ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததற்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற அதே ரேலி. 1899-இல் வெளியான கட்டுரையில், பல அளவுள்ள முனைகளில் இருந்து விழும் நீர்த்துளிகளின் எடையை அவர் அலசினார். 2π, அதாவது 6.28 இருக்க வேண்டிய இடத்தில், பல முனைகளுக்கு ஏறக்குறைய 3.8 என்ற எண் பொருந்துவதைப் பார்த்தார்.

3.8-ஐ 6.28-ஆல் வகுத்தால் 0.605. அதாவது, டேட் சொன்ன எடையில் சுமார் 60 சதவீதம்தான் விழுகிறது என்று அர்த்தம். வைவாவில் 'இந்த 3.8 எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இதுதான். 2π-யோடு, கழுத்து அறுவதால் வரும் இழப்பையும் சேர்த்துச் சுருக்கிய எண் 3.8.

இந்த எண் 'ஏறக்குறைய' பொருந்தும் என்பதும், எல்லா முனைக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதும் ரேலிக்குத் தெரியும். லேப் நோட்டில் ஏறும்போது அந்த 'ஏறக்குறைய' மட்டும் எங்கோ விடுபட்டுவிட்டது.

அதன் விளைவைப் பாருங்கள். மாணவியின் 60 மில்லிகிராமை 3.8 ஃபார்முலாவில் போட்டால் 77 வருகிறது. அதே தண்ணீரை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய முனையில் இருந்து விட்டால், ஒரு துளி சுமார் 33 மில்லிகிராம் இருக்கும். ஃபார்முலா தரும் விடை 86. பக்கத்து டேபிள்காரருக்கு வந்தது அதுதான். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடித்த முனை என்றால் துளி 111 மில்லிகிராம். விடை 71-ஐத் தாண்டி, புத்தகத்தை ஒட்டி நிற்கும். தண்ணீர் ஒன்று, ஃபார்முலா ஒன்று, செய்யும் கையும் ஒன்று. முனை மாறினால் விடை மாறுகிறது.

முனை மெலிய மெலிய, துளியில் முனையோடு தங்கும் பங்கு குறைகிறது. 4 மில்லிமீட்டர் முனையில் டேட் கணக்கில் 65 சதவீதம் விழுகிறது. 2 மில்லிமீட்டர் முனையிலோ 72 சதவீதம். எல்லாவற்றுக்கும் 60 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மெல்லிய முனைக்காரர்களுக்கு விடை எகிறத்தான் செய்யும்.

ஹார்கின்ஸ் போட்ட அட்டவணை

இதற்குத் தீர்வு வந்தது 1919-இல். சிகாகோ பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் வில்லியம் டிரேப்பர் ஹார்கின்ஸும் அவருடன் பணியாற்றிய பிரவுனும் ஒரு காரியம் செய்தார்கள். முதலில் தண்ணீர், பென்சீன் ஆகியவற்றின் பரப்பு இழுவிசையை வேறொரு முறையில், அதாவது நுண்குழாயில் நீர்மம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை வைத்து, துல்லியமாக அளந்தார்கள். பிறகு, விடை தெரிந்த அந்த நீர்மங்களை பல அளவு முனைகளில் இருந்து சொட்டவிட்டு, ஒவ்வொரு முனைக்கும் எத்தனை பங்கு விழுகிறது என்று பட்டியல் போட்டார்கள்.

அதில் அழகான விஷயம், இந்தப் பங்கு நீர்மத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு ஒப்பீட்டைத்தான் பார்க்கிறது: துளியோடு ஒப்பிட்டால் முனை எவ்வளவு பெரிது? அதை எண்ணாகச் சொல்ல, முனையின் ஆரத்தை துளியின் கன அளவின் கனமூலத்தால் வகுப்பார்கள். அந்த விகிதத்துக்கு நேராக அட்டவணையில் ஒரு திருத்தக் காரணி இருக்கும். அதை f என்பார்கள்.

```
T = mg / (2π r f)
f எதைச் சார்ந்தது: r / V^(1/3)
```

மாணவியின் ரீடிங்குக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துளி 60 மில்லிகிராம். தண்ணீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.997 கிராம். ஆக கன அளவு 0.0602 கன சென்டிமீட்டர். இதன் கனமூலம் 0.392 சென்டிமீட்டர். பல போன்களில் கால்குலேட்டரைச் சாய்த்துப் பிடித்தால் கனமூல பட்டன் வந்துவிடும். ஆரம் 0.2 சென்டிமீட்டர். வகுத்தால் விகிதம் 0.51.

ஹார்கின்ஸ்-பிரவுன் அட்டவணையில் 0.50-க்கு நேராக 0.6515 இருக்கிறது. 0.55-க்கு நேராக 0.6362. இடையில் 0.51-க்கு சுமார் 0.648 என்று எடுக்கலாம். டேட் விதி தந்த 46.8-ஐ 0.648-ஆல் வகுத்தால்... 72.2. புத்தகத்தில் இருப்பது 72.0.

அதே பீக்கர், அதே 50 துளி, அதே தராசு. ரீடிங்கில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றியது ஃபார்முலாவில் இருந்த ஒரே ஒரு எண்ணை மட்டும்.

எத்தனால் வைத்தால் என்ன ஆகும்?

இதே 4 மில்லிமீட்டர் முனையில் தண்ணீருக்குப் பதில் எத்தனால் ஊற்றினால், துளி சட்டென்று சிறுத்துவிடும். 50 துளிகள் 0.86 கிராம்தான் இருக்கும். ஒன்றுக்கு 17.2 மில்லிகிராம். எத்தனாலின் தோல் அவ்வளவு பலவீனம்.

இங்கே பலர் ஒரு குறுக்குவழி எடுப்பார்கள். 'தண்ணீர்த் துளி 60, எத்தனால் துளி 17.2. தண்ணீருக்கு 72 என்றால் எத்தனாலுக்கு எவ்வளவு?' என்று பள்ளிக்கூட விகிதக் கணக்குப் போட்டால் 20.6 வரும். உண்மை மதிப்பு 25 டிகிரியில் 22. ஆறு சதவீதம் குறைகிறது. காரணம், துளி சிறுத்ததும் விகிதம் 0.51-இல் இருந்து 0.71-க்குப் போய்விடுகிறது. அங்கே f 0.608. இரண்டு நீர்மங்களுக்கும் f ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டதால் வந்த பிழை இது. சரியான f-ஐப் போட்டால் 22.1 கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், எத்தனாலுக்கு அந்தப் பழைய 3.8 ஃபார்முலாவே 22.2 என்று நல்ல விடை தந்துவிடும். 0.608-ம் 0.605-ம் பக்கத்துப் பக்கத்து எண்கள் இல்லையா? விகிதம் ஏறக்குறைய 0.7-க்கு மேல், 1 வரை இருக்கும் வரைக்கும் 3.8 நம்பிக்கையாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால்தான் காலை வாரும். சோதனையின் விடை சரியா என்று பார்ப்பதற்கு முன், இந்த விகிதத்தை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வேறு எங்கெல்லாம் சறுக்கும்?

ஃபார்முலா சரியாகிவிட்டால் மற்ற தவறுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றில் முதலாவது, எந்த ஆரம் என்ற குழப்பம். குழாய்க்கு உள் ஆரமும் உண்டு, வெளி ஆரமும் உண்டு. தண்ணீர் சுத்தமான கண்ணாடியில் பரவி ஒட்டும். அதனால் அது முனையின் அடிப்பக்கம் முழுக்கப் பரவி, வெளி விளிம்பைப் பிடித்துத்தான் தொங்கும். அங்கே வெளி ஆரம்தான் கணக்கு. பாதரசம் கண்ணாடியில் ஒட்டாது. அது துளையின் விளிம்பில் இருந்தே தொங்கும் என்பதால் அதற்கு உள் ஆரம். முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் பாதி இடத்தில் பரவி, பாதி இடத்தில் பரவாமல் நிற்கும். அப்போது உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் ஒரு ஆரம் அமையும். அதை எந்த வெர்னியராலும் அளக்க முடியாது. கண்டுபிடிப்பது சுலபம்: துளி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினாலோ, தண்ணீர் முனைக்கு மேலே குழாயின் வெளிப்பக்கம் ஏறியிருந்தாலோ, அந்த ரீடிங்கை எடுக்காமல் முனையைக் கழுவ வேண்டும். முனை உடைந்தோ பிசிறாகவோ இருந்தாலும் இதே கதிதான்.

ஆரத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். வெர்னியரில் விட்டத்தை ஒரு பிரிவு, அதாவது 0.1 மில்லிமீட்டர், தவறாகப் படித்தால் 4 மில்லிமீட்டர் முனையில் விடை சுமார் 2 சதவீதம் மாறும். 50 துளியில் ஒன்றை எண்ணாமல் விட்டாலும் அதே 2 சதவீதம். அறை வெப்பநிலை 25-க்குப் பதில் 30 டிகிரி என்றால்? தண்ணீரின் இழுவிசை 72.0-இல் இருந்து 71.2-க்குத்தான் இறங்கும். 'ஃபேன் ஓடிச்சு சார், வெயில் அதிகம் சார்' என்று 77-க்கு விளக்கம் சொல்ல முடியாது.

அடுத்தது வேகம். துளிகள் தடதடவென விழுந்தால் ஒவ்வொன்றும் கனமாகிவிடும். கழுத்து மெலிந்து அறுவதற்கு ஒரு சின்ன நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியிலும் மேலிருந்து தண்ணீர் துளிக்குள் பாய்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ஹார்கின்ஸ் அட்டவணை, கிட்டத்தட்ட தானாகவே நிரம்பி விழும் துளிகளுக்கானது. துல்லியம் வேண்டுமென்றால், துளியைப் பெரும்பகுதி நிரப்பிவிட்டு, கடைசி மிச்சத்தை மிக மெதுவாக விட வேண்டும். கல்லூரி லேபில் அவ்வளவு பொறுமைக்கு நேரம் இருக்காது. ஆனால் ஒரு சோதனை எளிது. வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு 50 துளி எடுத்துப் பாருங்கள். எடை மாறவில்லை என்றால் முதல் வேகமே போதுமானது. குறைந்தால், இன்னும் மெதுவாக விட வேண்டும்.

கடைசியாக, சோப்பு. சோப்பு மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் போய் உட்கார்ந்து தோலைத் தளர்த்திவிடும். சரியாக அலசாத புனலில் ஒட்டியிருக்கும் துளியளவு டிடர்ஜென்ட்டே விடையைக் கவிழ்க்கப் போதும். முதல் 50 துளியும் மூன்றாவது 50 துளியும் ஒரே எடையில் இல்லை, போகப்போக கனம் கூடுகிறது என்றால், குழாய்க்குள் இருந்த அழுக்கு கழுவப்பட்டு வெளியே வருகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த 50, 100, 150 வரிசையை வெறும் சராசரிக்காக எடுப்பதாக நினைக்கிறோம். இந்தத் திருட்டைப் பிடிப்பதும் அதுதான்.

சோப்புத் தண்ணீரையே அளக்க வேண்டும் என்றால் வேகம் இன்னும் முக்கியமாகிறது. துளி வளரும்போது புதுப் பரப்பு உருவாகிக்கொண்டே இருக்கும். சோப்பு மூலக்கூறு உள்ளிருந்து நகர்ந்து அங்கே வந்து சேர நேரம் வேண்டும். அதற்குள் துளி விழுந்துவிட்டால், சோப்பு இல்லாததுபோல் கனமான துளி விழும். அதனால் சோப்புக் கரைசலுக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் சொன்னால் போதாது. எத்தனை நொடிக்கு ஒரு துளி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'10 சொட்டு' என்றால் எவ்வளவு?

லேபை விட்டு வெளியே வந்தாலும் இந்தக் கணக்கு நம்மை விடாது. மருந்து பாட்டில்களில் 'சொட்டு' என்பது இன்றும் ஓர் அளவு. மேலே பார்த்த அதே 4 மில்லிமீட்டர் முனையில், ஒரு மில்லிலிட்டர் தண்ணீருக்கு சுமார் 17 துளிகள் ஆகும். ஒரு மில்லிலிட்டர் எத்தனாலுக்கு சுமார் 46. ஆக, தண்ணீர் மாதிரியான ஒரு மருந்தில் 10 சொட்டும், ஆல்கஹால் அதிகமுள்ள ஒரு மருந்தில் 10 சொட்டும் ஒரே அளவு கிடையாது. ஒரு பாட்டிலின் சொட்டுக்குழாயை எடுத்து இன்னொரு மருந்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கான காரணம் இதிலேயே இருக்கிறது. முனை மாறுகிறது, நீர்மம் மாறுகிறது, இரண்டும் சேர்ந்து டோஸை மாற்றிவிடும். குழந்தைகளுக்கான மருந்தோடு மில்லிலிட்டர் கோடு போட்ட சொட்டுக்குழாய் வந்தால், சொட்டை எண்ணாமல் கோட்டைப் பார்த்துக் கொடுப்பதுதான் பத்திரம்.

மருந்துத் துறையினருக்கு இது தெரியும். ஐரோப்பிய மருந்துத் தரநூல் 'தர நிர்ணயச் சொட்டுக்குழாய்' என்று ஒன்றை வரையறுத்து வைத்திருக்கிறது. அதன் நிபந்தனை இப்படிப் போகிறது: குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், நொடிக்கு ஒரு துளி விழ வேண்டும், தண்ணீர் 20 டிகிரியில் இருக்க வேண்டும், அப்போது 20 துளிகளின் எடை 1 கிராம் இருக்க வேண்டும். 0.05 கிராம் கூடலாம், குறையலாம். முனையின் வெளி விட்டம் 3 மில்லிமீட்டர், அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும்.

படிக்கும்போது அலுவலக விதி மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். விட்டம், வேகம், வெப்பநிலை, சாய்வு, நீர்மம். அந்த லேபில் மாணவியின் விடையை மாற்றக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கட்டிப்போட்ட பிறகுதான், '20 சொட்டு ஒரு கிராம்' என்று தரநூலால் சொல்ல முடிகிறது.

அடுத்த முறை யாருடைய ரெக்கார்டிலாவது 77 வந்தால், அதை அடித்துவிட்டு 72 என்று எழுதச் சொல்ல வேண்டாம். முனையின் விட்டம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 4 மில்லிமீட்டர் என்று பதில் வந்தால், அந்த 77 ஒழுங்காக எடுத்த ரீடிங்தான்.